ஆல்டரேஷன் ப்ராக்டிகல்: ஷர்ட் காலர் குர்தாவை மாண்டரின் காலரா மாத்துறது எப்படி செஞ்சேன்

தையல் கோர்ஸ் கடைசி ப்ராக்டிகல்ல எனக்கு வந்த கேள்வி இதுதான், ஷர்ட் காலர் வெச்ச ரெடிமேட் குர்தா ஒண்ணு கொடுத்து, நெக்கையும் முன் பட்டன் பட்டியையும் சரிபண்ணி, மடியாம கழுத்தைச் சுத்தி நிக்கிற மாண்டரின் காலர் வைக்கணும், மூணு மணி நேரம். எங்க கூட எழுதினவங்கள்ல பாதிப்பேர் காலர் வரையறதுலயே ஒரு மணி நேரம் போக்கிட்டாங்க, ஆனா மார்க் போற இடம் காலர் இல்ல, காலர் வந்து முடியுற அந்த பட்டியோட உச்சி. அதனால அதைத்தான் இங்க விரிவா சொல்றேன், மத்ததெல்லாம் தேவையான அளவு.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சா மீதி தானா வரும். ஷர்ட் காலர்ல ரெண்டு பாகம் இருக்கு, மடிஞ்சு விழுற இலை, அதுக்கு அடியில நிக்கிற ஸ்டாண்ட். இலையை மட்டும் பிரிச்சு எடுத்துட்டு ஸ்டாண்டை அப்படியே மூடி தைச்சா மாண்டரின் ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆகாது. அந்த ஸ்டாண்ட் பட்டியோட ஓரம் வரைக்கும் போகும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி பட்டன் போடுற மாதிரி இருக்கும். மாண்டரின்ல ரெண்டு முனையும் சரியா நடுக்கோட்டுல எதிரெதிரா வந்து நிக்கணும், ஏறக்கூடாது. ஆனா கீழ இருக்குற பட்டி ஏறித்தான் இருக்கு. எனக்கு வந்த குர்தாவுல பட்டி அகலம் 3 செமீ, அப்போ நடுக்கோடு பட்டியோட ஓரத்துல இருந்து 1.5 செமீ உள்ள தள்ளி இருக்கு. காலர் நடுக்கோட்டுல நின்னுடும், அதைத் தாண்டி ரெண்டு பக்கமும் 1.5 செமீ பட்டி மொட்டையா நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த மொட்டை விளிம்பை எப்படி மூடப்போறோம்ங்கறதுதான் இந்த கேள்வியே.

பிரிக்கிறதுக்கு முன்னாடியே குர்தாவை பட்டன் போட்டு டேபிள்ல படுக்க வெச்சு நடுக்கோட்டை சாக்பீஸ்ல போட்டுருங்க, மேல் பட்டியில ஒண்ணு, அதே இடத்துல குண்டூசி குத்திப் பாத்து அடிப் பட்டியில ஒண்ணு. காஜாவெல்லாம் அந்த கோட்டு மேலயே இருக்கும், அதனால சந்தேகம் வந்தா காஜாவை வெச்சு சரிபார்க்கலாம். தோள் தையல் வர்ற இடத்தையும் பின் நடுவையும் கூட குறிச்சிட்டு அப்புறமா காலரை மொத்தமா பிரிங்க, ஸ்டாண்டோட சேத்து. இழுத்து கிழிக்காம நாலஞ்சு தையலுக்கு ஒண்ணு வெட்டி நூலை உருவுங்க, நெக் விளிம்பு வளைவா வெட்டினது, இழுத்தா நீண்டுக்கும், நீண்டது திரும்பி வராது. பிரிச்ச உடனே நெக் சுத்தி, பழைய தையலுக்கு கொஞ்சம் மேல, மெஷின்ல ஒரு ஒத்தை தையல் ஓட்டிட்டா அது நீளாம பிடிச்சுக்கும். அளவு எடுக்குறது இதுக்கு அப்புறம்தான்.

இப்போ நெக். ஷர்ட் காலரை பெரும்பாலும் மேல் பட்டன் திறந்துதான் போடுவாங்க, அதனால அந்த நெக் முன்னாடி கொஞ்சம் ஏறி இருந்தாலும் உறுத்தாது. மாண்டரின் மூடியே இருக்கும், அதனால முன் நடுவுல 1 செமீ இறக்கணும், அங்கிருந்து தோள் வரைக்கும் குறைஞ்சுகிட்டே போய் தோள்ல பழைய கோட்டோட சேர்ந்துடணும். பின் நெக்கை தொடவே தொடாதீங்க. ஒன்றரைக்கு மேல இறக்குனா காலர் முன்பக்கம் சாய்ஞ்சு கழுத்தை விட்டு விலகி நிக்கும். இங்கதான் ஒரு பெரிய குழி இருக்கு: 1 செமீ இறக்குறதுன்னா தையல் கோட்டை இறக்குறது, வெட்டுற கோட்டை இல்ல. தையலுக்கு 0.6 விடணும், அப்போ பழைய தையல் கோட்டுல இருந்து வெறும் 0.4 செமீ கீழதான் கத்திரி போகணும். முழுசா 1 செமீ வெட்டிட்டா தைச்சு முடிக்கும்போது 1.6 இறங்கியிருக்கும், வெட்டின துணியை யாராலயும் ஒட்ட முடியாது. (இதனாலதான் ஏற்கனவே அகலமா வெட்டின ரவுண்ட் நெக் குர்தாவுல மாண்டரின் வைக்கிறது பெரும்பாலும் சரியா வராது, நெக்கை பெருசாக்கலாமே தவிர சின்னதாக்க முடியாது.) தோள் கிட்டயும் பின்னாடியும் பழைய தையல் கோடுதான் புது தையல் கோடு, அங்க வெட்டவே வேணாம்.

குர்தாவை நடுவுல மடிச்சு தோளோட தோள் சேர்த்து ஒரு பக்கம் வரைஞ்சு, அதையே மறுபக்கத்துக்கு ட்ரேஸ் பண்ணுங்க, தனித்தனியா வரைஞ்சா நிச்சயம் மாறும். இன்னொண்ணு, அந்த வளைவு நடுக்கோட்டோட நின்னுடக்கூடாது, நடுக்கோட்டைத் தாண்டி பட்டி ஓரம் வரைக்கும் 1.5 செமீ நேரா படுக்கையா போகணும். மேல ஏறுற மாதிரி வரைஞ்சா பட்டன் போட்டதும் பட்டி மூலை நெக்குக்கு மேல எட்டிப் பாக்கும், எக்ஸாமினர் கண்ணுல முதல்ல படுறதே அதுதான்.

அடுத்து பட்டி உச்சி, காலர் வைக்கிறதுக்கு முன்னாடியே இதை முடிக்கணும். பட்டி ஒரு நீள துணியை ரெண்டா மடிச்சு வெச்சதுதானே, உள்பக்க மடிப்பை பிடிச்சிருக்கிற தையலை மேல இருந்து ஒரு 5 செமீ மட்டும் பிரிங்க. பிரிச்ச உள்பாதியை ஓர மடிப்புலயே எதிர்ப்பக்கமா திருப்பி, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் சேர்ற மாதிரி வைங்க. இப்போ மடிப்பு ஓரத்துல இருந்து புது நெக் தையல் கோட்டு மேலயே நடுக்கோடு வரைக்கும் அந்த 1.5 செமீ தைச்சு, நடுக்கோட்டுல சரியா நிறுத்தி ரிவர்ஸ் போட்டு கெட்டிப்படுத்துங்க. மூலையில அதிகத் துணியை குறுக்கா வெட்டிட்டு, நடுக்கோட்டுல கத்திரி நுனியால தையல் முடிஞ்ச புள்ளி வரைக்கும் ஒரு சின்ன வெட்டு, ரெண்டு அடுக்கும் சேர்த்து. ஒரு நூல் அளவு முன்னாடி நிறுத்துங்க, புள்ளியைத் தாண்டினா ஓட்டை, முன்னாடியே ரொம்ப தள்ளி நிறுத்துனா திருப்பும்போது அந்த இடத்துல சுருக்கம். திருப்பி அயர்ன் பண்ணினா பட்டி உச்சி சுத்தமா மூடி, நடுக்கோட்டுல இருந்து உள்ள மட்டும் நெக் விளிம்பு காலருக்காக திறந்து நிக்கும். ரெண்டு பக்கமும் செஞ்சிட்டு பட்டன் போட்டு பாருங்க, ரெண்டு உச்சியும் ஒரே மட்டத்துல இருக்கணும், இல்லைன்னா இப்பவே பிரிச்சு சரிபண்ணுங்க, காலர் வெச்ச பிறகு இது கை எட்டாத இடம்.

இப்போதான் காலர். டேப்பை படுக்க வைக்காம விளிம்புல நிக்க வெச்சு, தையல் கோட்டு மேலயே அளக்கணும், வெட்டின விளிம்புல அளந்தா குறைச்சலா வரும். எனக்கு பின் நடுவுல இருந்து தோள் வரை 8.5, தோள்ல இருந்து முன் நடுக்கோடு வரை இறக்குறதுக்கு முன்னாடி 11.5, இறக்கின பிறகு 12.2. ஆக ஒரு பாதிக்கு 20.7. பழைய அளவுலயே வெட்டியிருந்தா மொத்தத்துல 1.4 செமீ குறைஞ்சிருக்கும், முனைகள் நடுவுல சேராம வாய் திறந்து நிக்கும்.

பேப்பர்ல 20.7 நீளம் 3 உயரம் கட்டம் போட்டு, பின் நடுவுல இருந்து சுமார் 7 செமீ வரைக்கும் கீழ்க்கோடு நேரா, அப்புறம் மெதுவா ஏறி முன் முனையில 1.25 உயர்ந்து முடியணும். மேல்கோடு அதுக்கு இணையா, முன்னாடி மட்டும் 2.7க்கு குறைச்சு மூலையை உருட்டிடுங்க. கீழ் வளைவை டேப் நிக்க வெச்சு திரும்ப அளந்து 20.7 வருதான்னு பாருங்க. வைவால இதைக் கேட்டாங்க, ஏன் நேர்த் துண்டா வெட்டலன்னு. கழுத்து மேல போகப்போக ஒடுங்குது, நேர்த் துண்டுக்கு மேலயும் கீழயும் ஒரே நீளம், அதனால மேல் விளிம்பு கழுத்தை விட்டு விலகி நிக்கும். இப்படி வளைச்சா மேல் விளிம்பு மொத்தத்துல சுமார் 1 செமீ குட்டையாகி கழுத்தோட ஒட்டி வரும். இந்த பதிலே போதும்.

துணி எங்க இருந்துன்னா பிரிச்ச காலர் இலையில இருந்துதான், அதுல மேல் துண்டு கீழ் துண்டு ரெண்டு இருக்கும், வெளிப்பக்கத்துக்கு ஒண்ணு உள்பக்கத்துக்கு ஒண்ணு. இலையோட கூர்முனைப் பக்கம்தான் நீளம் ஜாஸ்தி, புது காலரோட உயர்ந்த முனைகள் அந்தப் பக்கம் வர்ற மாதிரி பேட்டர்னை வைங்க. நீளம் பத்தலைன்னா பின் நடுவுல ஒரு ஜாயிண்ட் போட்டுக்கலாம், அது தப்பா எடுத்துக்க மாட்டாங்க, முன்னாடி எங்கயாவது போட்டாதான் அசிங்கம். பழைய ஊசி ஓட்டைகள் தையல் விளிம்புக்குள்ள மறையுதான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கேன்வாஸை தையல் விளிம்பு இல்லாம பேட்டர்ன் அளவுக்கே வெட்டி வெளித்துண்டுல ஒட்டுங்க, விளிம்போட சேர்த்து ஒட்டினா உருட்டின முனை தடிச்சுப் போய் கட்டி மாதிரி நிக்கும்.

ரெண்டு துண்டையும் சேர்த்து மேலயும் முனைகள்லயும் தைக்கிறப்போ கீழ் தையல் கோட்டுல நிறுத்திடுங்க. உருட்டுன முனைக்கு ஒரு அட்டையில பாதி வடிவம் வெட்டி வெச்சு, அதையே திருப்பிப் போட்டு ரெண்டு முனையும் குறிச்சா ஒரே மாதிரி வரும், கண் அளவுல ஒருத்தருக்கும் வராது. வளைவுல விளிம்பை 0.3க்கு ஒட்ட வெட்டி திருப்பி அயர்ன் பண்ணுங்க.

காலரை நெக்குல வைக்கும்போது பின் நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு பக்கமா முனைக்கு தைங்க. ஒரு முனையில ஆரம்பிச்சு மறுமுனைக்கு ஒரே ஓட்டமா போனா, அடித்துணி கொஞ்சம் கொஞ்சமா தள்ளி கடைசி முனை நடுக்கோட்டைத் தாண்டிடும். முன் வளைவுல நெக் விளிம்புக்கு சின்னச் சின்ன வெட்டு கொடுத்தாதான் காலரோட நேரா படியும், வெட்டாம தைச்சா காலருக்கு அடியில குட்டிக் கொசுவம் விழும். காலர் முனை, நடுக்கோட்டு வெட்டு, பட்டி உச்சித் தையல் மூணும் ஒரே புள்ளியில சேரணும். உள்துண்டோட கீழ் விளிம்பை மடிச்சு தையலை மூடி கையால ஹெம்மிங், பிரிச்சு வெச்ச அந்த 5 செமீ பட்டித் தையலையும் பழைய ஓட்டை வழியாவே திரும்ப போடுங்க.

மூடுறதுக்கு என்ன பண்றதுன்னு ஒரு குழப்பம் வரும். எனக்கு முதல் காஜா புது நெக்குல இருந்து 5 செமீ கீழ இருந்துச்சு, மத்த பட்டன் இடைவெளி 8. மேல 1.5ல புதுசா ஒரு காஜா போட்டா இடைவெளி 3.5 ஆகி மத்ததோட ஒட்டாம தெரியும், அதனால காஜாவுக்குப் போகாம காலர் சேர்ற இடத்துல உள்பக்கமா ஒரு சின்ன ஊக்கும் நூல் கண்ணியும் வெச்சேன். ஊக்கோட வாய் காலர் விளிம்புல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் உள்ள இருக்கட்டும், சரியா விளிம்புலயே வெச்சா மாட்டினதும் முனைகள் சேராம நடுவுல இடைவெளி தெரியும்.