கெடு தவறுதலும் ஒரு பக்கத் திட்டமும்

ஜூலை 16, 2025, புதன், பினாங்கு

வாடிக்கையாளர்களின் ஊழியர் சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தா, வருமானவரிப் பிடித்தம் ஆகியவற்றை மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதால், சம்பளக் கணக்கு 10ஆம் தேதியே என் மேசைக்கு வர வேண்டும். எங்கள் அலுவலக ஊழியர் ச. போடும் கணக்கு இம்மாதமும் 14ஆம் தேதி மாலைதான் வந்தது. அவரை அழைப்பதற்கு முன், ஏப்ரல் முதலான மின்னஞ்சல்களைப் புரட்டி, மிகைநேரத் தாள் எப்போது வந்தது, கணக்கு எப்போது முடிந்தது என அட்டவணையிட்டேன். இரண்டு மாதங்களில் வாடிக்கையாளரின் தொழிற்சாலையே தாளை 9ஆம் தேதிதான் அனுப்பியிருக்கிறது. அது அவர் தாமதம் அன்று. மற்ற இரண்டு மாதங்களில் தாள் 4ஆம் தேதியே வந்தும், ஒரு தகவலுமின்றி அவரிடமே கிடந்திருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

அறைக் கதவைச் சாத்திவிட்டு அட்டவணையை அவர் முன் வைத்தேன். "எப்போதும் தாமதம்" என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அட்டவணையே அதை மறுக்கிறது.

"இந்த இரண்டு மாதமும் வேலை எங்கே நின்றது, தம்பி?"

நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "மிகைநேர விகிதத்தில்தான், அக்கா. சாதாரண நாளுக்கு ஒன்றரை மடங்கு என்பது தெரியும். ஓய்வுநாளுக்கு இரண்டா, பொதுவிடுமுறைக்கு மூன்றா என்று குழம்பிப்போய், கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டேன்."

அவர் சொன்ன விகிதங்கள் சரியே. அவரிடம் இல்லாதது உறுதி மட்டுமே.

ஜூலை 21, திங்கள்

அவர் வேலை சீராவதற்காக நான் எழுதிய திட்டம் ஒரு பக்கம்தான். ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய இரு மாதங்களுக்குரியது. 5ஆம் தேதி நண்பகலுக்குள் வராத தாள் எதுவென அவர் எனக்கு எழுத வேண்டும். வந்தவற்றின் வரைவு, அரைகுறையாக இருந்தாலும், 7ஆம் தேதி தர வேண்டும். எங்கள் பங்காக, மூத்த ஊழியர் ஒருவர் முதல் தொழிற்சாலைக் கணக்கை அவருடன் உட்கார்ந்து போடுவார்; தாளுக்காக வாடிக்கையாளரை நெருக்குவது என் வேலை. இது எச்சரிக்கைக் கடிதமன்று என்பதையும், செப்டம்பருக்குப் பின்னும் மாற்றமில்லையெனில் முறையான எச்சரிக்கை வரும் என்பதையும் சேர்த்தே எழுதினேன். அவர் தம் கருத்தை எழுத ஒரு கட்டம் விட்டு, இருவரும் கையொப்பமிட்டு, மனிதவளப் பிரிவுக்கு ஒரு படி கொடுத்தோம்.

திறன் குறைவுக்காக ஒருவரை நீக்கினால், குறையை அவருக்கு உணர்த்தி, திருந்தப் போதிய அவகாசம் கொடுத்தோமா என்று தொழில் நீதிமன்றம் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டுமே எழுதப்பட்ட திட்டத்தை ஊழியர் முதல் வரியிலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒரு தாள் வரவில்லை என்று 5ஆம் தேதி காலையிலேயே எழுதிவிட்டார். அந்தத் தாள் 9ஆம் தேதிதான் வந்தது என்பதால், அந்தத் தாமதத்தை அவர் தவறாக நான் எண்ணவில்லை. மற்றொரு வரைவு தகவலின்றி 8ஆம் தேதி வந்தது. அதைத் தேதியுடன் திட்டத் தாளில் பதிந்து அவரிடம் காட்டினேன். பொதுவிடுமுறை விகிதத்தில் பிழையில்லை. பணம் 12ஆம் தேதியே கட்டப்பட்டது. செப்டம்பர் திட்டத்தை மாற்றவில்லை. மூத்த ஊழியரின் துணை மட்டும் இனி அவர் கேட்டால்தான்.