சூரியனுக்கு முன்னால் ஒரு சிட்டிகை உப்பு

வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் தட்டிக்கழித்தேன். மார்கழியில் சோடியம் சார் போய்விட்டார் என்ற செய்தி வந்தது. நம் செட் ஆட்கள் கைப்பேசியில் கூப்பிய கைகளாக அனுப்பினார்கள். நானும் ஒன்றை அனுப்பினேன். அனுப்பிய பிறகு அது போதாது என்று பட்டது. சாருக்கு அந்தப் பெயர் வந்ததே என்னால்தான்.

மாடி ஆய்வகத்தின் தெற்கு ஜன்னலை மறந்திருக்க மாட்டீர்கள். 1981 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி சார் எங்களை வரவழைத்தார். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, “டேய், உங்கள் ஊர் உப்பு கொஞ்சம் கொண்டு வா” என்றார். என் அப்பாவுக்கு அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை. விடுதிப் பெட்டியில் எப்போதும் ஒரு பொட்டலம் கல் உப்பு இருக்கும்.

வீட்டிலிருந்து எடுத்துவந்த சவரக் கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து, வெயிலை, ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியின் பிளவுக்குள் திருப்பினார். தொலைநோக்கியை முன்னதாகவே கோபுரக் கலசத்தை நோக்கிக் குவியப்படுத்தியிருந்தார். பிளவை முடி அளவுக்குக் குறுக்கினார். அதை அகலமாக விட்டால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து, பார்க்க வேண்டிய கோடுகளை மூடிவிடும். குறுக்கியதும் சிவப்பிலிருந்து ஊதா வரை ஓடிய பட்டையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் எழுந்தன. 1814இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரான்ஹோபர் ஐந்நூறுக்கும் மேல் எண்ணி, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயரிட்ட கோடுகள் அவை. மஞ்சளில் இருப்பது டி.

பிறகு உப்புக் கரைசலில் நனைத்த திரியோடு சாராய விளக்கைப் பிளவுக்கு முன்னால் வைத்தார். சுடர் மஞ்சளாக எரிந்தது. வெயில் அந்தச் சுடரின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். “டி கோடு என்ன ஆகிறது என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. பார்த்ததை ரெக்கார்டில் எழுதுங்கள்.”

வருகைப் பதிவேட்டு வரிசையில் போனோம். நான் கடைசிக்கு முந்தையவன். எனக்கு அந்தக் கோடு கறுப்பாகவே இல்லை. அது இருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு நின்றது. பார்த்ததை அப்படியே எழுதினேன்.

திங்கட்கிழமை சார் என் ரெக்கார்டை எடுத்து வகுப்பில் உரக்கப் படித்தார். மற்ற முப்பத்தொரு பேரும் ‘கோடு முன்னைவிடக் கறுத்தது’ என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பின்னால் பார்த்தவனும் அப்படியே. “அகஸ்தியம்பள்ளி உப்புக்குச் சூரியனைவிட வெளிச்சம் அதிகமாம்!” என்றார். வகுப்பு சிரித்து முடிய வெகுநேரம் ஆயிற்று. ‘பார்த்ததை எழுது’ என்று சிவப்பு மையில் எழுதி நோட்டை என்னிடம் எறிந்தார். பழிவாங்கும் விதமாக அன்று மாலை விடுதியில் நான் வைத்த பெயர்தான் சோடியம் சார். அது நிலைத்துவிட்டது. எனக்கு ‘உப்பு’ என்ற பெயர் நிலைத்தது வேறு கதை.

ஆனால் அதே வாரம் அவர் நடத்திய பாடம் இன்றும் மனதில் இருக்கிறது. இழை விளக்கைப் போல ஒரு திடப்பொருள் சூடேறி ஒளிர்ந்தால் இடைவெளி இல்லாத தொடர் நிறமாலை. உப்புச் சுடரைப் போல மெல்லிய வாயு ஒளிர்ந்தால், இருட்டில் சில பளிச்சென்ற கோடுகள் மட்டும். அது வெளிவிடு நிறமாலை. முதலாவதன் ஒளி, அதைவிடக் குளிர்ந்த வாயுவின் வழியாக வந்தால், வாயு தான் வெளிவிடும் அதே கோடுகளைப் பட்டையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது உட்கவர் நிறமாலை. சுடரிலுள்ள சோடியம் அணுக்கள் வெயிலின் மஞ்சளை வாங்கி நாலாபுறமும் இறைத்துவிடும். பிளவை நோக்கி வருவதில் குறைந்துபோகும். சுடர் தன் பங்குக்கும் கொஞ்சம் மஞ்சளைச் சேர்க்கும். ஆனால் சூரியப் பரப்பின் வெப்பம் ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரி. சாராயச் சுடர் அதன் பக்கத்தில் வர முடியாது. எடுத்தது அதிகம், கொடுத்தது கொஞ்சம். அதனால்தான் கோடு கறுக்கிறது. அங்கே ஒளியே இல்லை என்று பொருளில்லை, அக்கம்பக்கத்தைவிட மங்கல், அவ்வளவுதான்.

சுடரை அணைத்த பிறகும் டி கோடு இருக்கிறதே, அது யார் வைத்த சுடர்? சூரியனே வைத்தது. ஒளிரும் பரப்புக்கு மேலே, அதைவிடக் குளிர்ந்த வாயு அடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் சோடியம் இருக்கிறது. 1859இல் ஹைடல்பர்க் நகரில் கிர்க்காஃப் என்ற இயற்பியலாளர் இதைத்தான் கண்டுபிடித்தார். ஒரு கோடு பொருந்துவது தற்செயலாக இருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். (அவமானப்பட்ட பிறகும் கேள்வியை விடவில்லை.) இரும்பைச் சொன்னார். இரும்பு ஆவியின் அறுபது பளிச்சென்ற கோடுகளுக்கு நேராகச் சூரியனில் அறுபது கறுப்புக் கோடுகளைக் கண்டாராம் கிர்க்காஃப். அறுபதும் தற்செயலாகப் பொருந்துமா?

எல்லாக் கோடும் சூரியனுடையதல்ல என்பதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார். மணி அடித்த பிறகு எங்களை நிறுத்திவைத்து, சாயும் வெயிலில் சிவப்பின் ஓரத்திலுள்ள பி கோட்டைக் காட்டினார். நண்பகலில் பார்த்ததைவிடத் தடித்திருந்தது. அது நம் காற்றிலுள்ள ஆக்சிஜன் போடும் கோடு. சாயங்கால வெயில் அதிகக் காற்றைக் கடந்து வருவதால் தடிக்கிறது. இரும்புக் கோடுகள் அப்படியேதான் இருந்தன.

இத்தனை தெளிவாகச் சொன்னவர் என் மஞ்சள் கோட்டைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

சிங்கப்பூருக்கு வந்து கப்பல் பட்டறையில் மின்பிரிவில் சேர்ந்தேன். 1999இல் மகளின் பள்ளிச் செய்முறைக்காக அட்டைப்பெட்டி, சவரத் தகடு, உடைந்த குறுந்தகடு ஆகியவற்றைக் கொண்டு ஒரு நிறமாலைமானி செய்தோம். ஜன்னலுக்கு வெளியே உயரழுத்த சோடியம் தெருவிளக்கு. அந்த வகை விளக்குகளை மாற்றுவதுதான் அப்போது என் வேலை. மாலையில் அது எரியத் தொடங்கியபோது பெட்டிக்குள் ஒரே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. சில நிமிடங்களில் விளக்கு சூடேறியது. மஞ்சள் இருபுறமும் அகன்றது, அதன் நடுவில் ஒரு கறுப்புப் பிளவு விழுந்தது. குழாயின் நடுவே கொதிக்கும் சோடியம், சுவரோரம் குளிர்ந்த சோடியம். நடுவிலிருந்து வருவதைச் சுவரோரம் இருப்பது விழுங்குகிறது. அதே கோடு, அதே உலோகம், பின்னணி மாறினால் பளிச்சென்றும் நிற்கும், கறுத்தும் நிற்கும்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். 1981இல் என் முறை வந்தபோது சூரியன் இருந்ததா?

பிறகு தேடிப் படித்தேன். வெயிலை மங்கலாக்கினால் உப்புச் சுடரின் கோடு பளிச்சென்று தெரியும் என்பதையும், வெயிலைக் கூட்டினால் அதுவே கறுக்கும் என்பதையும் கிர்க்காஃபே பார்த்து எழுதியிருக்கிறார். ஐப்பசி மாதம். மேகம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

2006இல் ஊருக்குப் போனபோது குடமுருட்டிக் கரையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: “உன் முறை வந்தபோது மேகம் சூரியனை மறைத்திருந்தது. நீ எழுதியதுதான் சரி. நோட்டை எறிந்த அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் வைத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். தள்ளிப்போட்டேன். பிறகு மழை விடுமுறை விட்டுவிட்டார்கள்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏன் மேலே இயற்பியல் படிக்கவில்லை என்று கேட்டார். அப்பாவின் உப்பளம், கடன், ஏஜென்ட் என்று ஏதோ சொன்னேன். நான் கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை.

“முப்பட்டகம் இங்கேதான் இருக்கிறது. விளக்கும் இருக்கிறது. இப்போதே பார்த்துவிடலாமா?” என்றார். திருச்சியில் விமானம், வாசலில் கார், ஓட்டுநர் இரண்டு முறை ஒலியெழுப்பிவிட்டார். அடுத்த முறை வரும்போது பார்க்கலாம் சார் என்றேன். வாசலில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.