வளைவுக்கு எத்தனை மார்க்?

விடைத்தாள் திருத்தும்போது ஒரு ஐந்து மார்க் கேள்விக்கு நான் போட்ட மார்க் சரிதானா என்ற கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. பசிபிக் கடலில் எரிமலைத் தீவுகளும் கடலடி எரிமலைகளும் வரிசையாக நிற்கும் ஹவாய்–எம்பரர் தொடர் நடுவில் வளைந்திருப்பது ஏன் என்பது கேள்வி. சுமார் 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் பசிபிக் பிளேட் திசை மாறியது என்று விடைக் கீயில் ஒரே வரியில் பதில் இருந்தது. ஒரு தாளில் மட்டும், “பிளேட் மட்டும் திரும்பவில்லை, ஹாட் ஸ்பாட்டும் தெற்கே நகர்ந்தது, பாறைக்குள் இருக்கும் காந்தச் சாய்வே சாட்சி” என்று எழுதியிருந்தது. ஹாட் ஸ்பாட் என்பது பிளேட்டுக்குக் கீழே இருந்து இந்த எரிமலைகளை வரிசையாக உருவாக்கும் சூடான மூலம்.

பக்கத்தில் இருந்த மூத்தவர் பார்த்துவிட்டு, “கீயில இல்லாததுக்கு மார்க் போட்டீங்கன்னா மறுமதிப்பீட்டுல நாமதான் பதில் சொல்லணும் சார்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

வளைவுக்கு இந்தப் பக்கம் கணக்கு எளிது. இப்போது கொதித்துக்கொண்டிருக்கும் கிலாவேயா எரிமலையிலிருந்து காவாய் தீவு வடமேற்கே சுமார் 520 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதன் வயது சுமார் 51 லட்சம் ஆண்டு. தூரத்தை வயதால் வகுத்தால் ஆண்டுக்குப் பத்து செ.மீ. வருகிறது. தீவுகள் தென்கிழக்கே போகப் போக இளசாகின்றன. அப்படியென்றால் பிளேட் போவது வடமேற்கே. அம்புக்குறியைத் தலைகீழாகப் போடும் தாள்கள் ஒவ்வொரு முறையும் வருகின்றன. இளைய தீவு இருக்கும் பக்கம் பிளேட் போவதாக நினைத்துவிடுகிறார்கள்.

வயதே சில நேரம் ஏமாற்றும். கடலடிப் பாறை உப்புநீரில் ஊறிச் சிதைந்தால் பொட்டாசியமும் ஆர்கானும் இடம் மாறி, பொட்டாசியம்–ஆர்கான் முறையில் தப்பான வயது வரும். பழைய பாடநூல்களில் வளைவின் வயது 4.3 கோடி என்று இருக்கும். பிந்தைய ஆர்கான்–ஆர்கான் அளவீடுகளில்தான் அது 4.7 கோடிக்குப் போனது.

வகுப்பில் நாம் காட்டுவது மெழுகுவர்த்தி மேல் காகிதத்தை நகர்த்துவதை: காகிதம் பிளேட், மெழுகுவர்த்தி ஹாட் ஸ்பாட். அதில் மெழுகுவர்த்தி அசையாமல் இருப்பதாக நாமே முடிவு செய்துவிடுகிறோம். அசைந்ததா என்று பார்க்க வழி இருக்கிறது. பசால்ட் ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் துகள்கள் அன்றைய பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கஞ்சமலையில் மேக்னடைட் பாறைக்குப் பக்கத்தில் காம்பஸ் ஊசி தடுமாறுவதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு, பாறைக்குள் காந்தம் இருக்கும் என்பதைத் தனியாக நம்பவைக்க வேண்டியதில்லை. அந்தப் புலம் கிடைமட்டத்துக்கு எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். சூத்திரம் இதுதான், I சாய்வு, λ அட்சரேகை:

```
tan I = 2 tan λ
```

ஹாட் ஸ்பாட் எப்போதும் இப்போது ஹவாய் இருக்கும் 19 டிகிரியிலேயே நின்றிருந்தால், தொடரின் எல்லாப் பாறைகளிலும் சாய்வு சுமார் 35 டிகிரி இருக்க வேண்டும். 2001-ல் ஓஷன் டிரில்லிங் புரோகிராமின் 197-வது பயணம் வளைவுக்கு அந்தப் பக்கம் கடலடியில் இருக்கும் எம்பரர் மலைகளைத் துளைத்துப் பார்த்தது. ஏறக்குறைய 7.6 கோடி ஆண்டு வயதுள்ள டெட்ராய்ட் மலையில் கிடைத்த அட்சரேகை சுமார் 34 டிகிரி. அதாவது சாய்வு 53-ஐ ஒட்டி வந்தது. வளைவுக்குப் பக்கத்தில் இருக்கும் இளைய கோகோவில் அட்சரேகை 22 டிகிரி அளவுக்கு இறங்கிவிட்டது. கீழே இருந்த மூலமே தெற்கே வந்திருக்கிறது.

ஆனாலும் இதில் ஒரு எல்லை இருக்கிறது. துளைக்கும் குழாய்க்குள், வெட்டி எடுக்கும் பாறைத் தண்டான கோர் சுழன்றுவிடும். அதனால் வடக்கு எது என்ற திசை தொலைந்துபோய் சாய்வு மட்டுமே மிஞ்சும். ஒரே ஒரு லாவா ஓட்டத்தை நம்பவும் முடியாது, காந்தப்புலம் நூற்றாண்டுகளில் அலைந்துகொண்டே இருக்கும்; பல ஓட்டங்களை அளந்து சராசரி எடுக்க வேண்டும். சாய்வு வடக்கு–தெற்கு நகர்வை மட்டும்தான் சொல்லும், கிழக்கு–மேற்கு பற்றி வாய் திறக்காது. வளைவுக்குப் பிறகு தொடர் வடமேற்காகத் திரும்பியதில் பிளேட்டின் பங்கு இருக்கிறது என்பதைக் கைவிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் சேர்ந்ததுதான் வளைவு. எது எவ்வளவு என்பதில்தான் இன்னும் வாதம் நடக்கிறது.

அப்படியானால் கீ தப்பில்லை, பாதிதான். நான் அந்தத் தாளுக்கு ஐந்தும் போட்டேன். கீயை அப்படியே எழுதியவர்களுக்கும் ஐந்துதான் போட்டிருந்தேன். மூத்தவர் அதைத்தான் கேட்டார்: “ரெண்டும் முழு மார்க்னா, அதிகமா தெரிஞ்சவனுக்கு என்ன கெடச்சுது?”

கீயை எழுதியவர்கள் படித்ததை எழுதினார்கள், அவர்களுக்கு மார்க் குறைக்க எனக்கு உரிமை இல்லை என்று அப்போது சொன்னேன். இப்போது யோசித்தால், அந்தத் தாளிலும் முழுமை இல்லை: சாய்வைச் சாட்சியாகச் சொன்னது, எத்தனை டிகிரி என்று எழுதவில்லை, பிளேட்டின் பங்கு என்ன என்றும் சொல்லவில்லை. நாலு போட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. உடனே, நாங்கள் வகுப்பில் சொல்லித்தராததை எழுதியதற்கு ஒரு மார்க் பிடிக்கலாமா என்றும் தோன்றுகிறது. இந்தப் பருவத்து செய்முறையில் தூரம்–வயது வரைபடத்தோடு டெட்ராய்ட், கோகோ இரண்டின் சாய்வையும் கொடுத்து, அட்சரேகையைக் கணக்கிடச் சொல்லியிருக்கிறேன். கீ இன்னும் பழையபடியே இருக்கிறது.