ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்: அமெரிக்க உச்சரிப்புக்குக் கொட்டிய பணம்

இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். மற்ற மூன்றும் எனக்குச் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. ஸ்பீக்கிங் மட்டும் 6.5-ஐத் தாண்டவில்லை.

நான் போன பயிற்சி மையத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்று சொல்ல வைத்தார்கள், நாக்கை மடிக்க வைத்தார்கள். வாரக்கணக்கில் இதேதான். ரிசல்ட்டிலும் ஸ்பீக்கிங்குக்கு ஒரே ஒரு எண்தான் இருக்கும். எதில் குறைந்தது என்று தெரியாது.

அப்புறம்தான் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அட்டவணையைத் தேடிப் படித்தேன். உச்சரிப்புக்குக் கால் பங்கு மதிப்பெண். பிரிட்டிஷ் மாதிரியோ அமெரிக்கன் மாதிரியோ பேசச் சொல்லி அதில் எங்கும் இல்லை. அழுத்தம் சரியாக விழாமலோ வேகமாகப் பேசுவதாலோ தாளம் கெடுவது 6-க்கான அடையாளம் என்று இருக்கிறது. மையத்தில் இதைப் பற்றி ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை.

தமிழில் நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் அப்படிப் பேசினால் கேட்பவருக்கு எது முக்கியம் என்றே பிடிபடாது. என் பதிலையே எடுத்துக்கொள்ளுங்கள்: "ஐ ஒர்க்ட் இன் தி எமர்ஜென்சி வார்டு ஃபார் த்ரீ இயர்ஸ்." 'எமர்ஜென்சி'யில் அழுத்தம் 'மெர்' மேல் விழ வேண்டும், நான் 'எ'வை அழுத்திக்கொண்டிருந்தேன், யாரும் திருத்தவில்லை. 'இன் தி', 'ஃபார்' இரண்டும் லேசாக ஓடிவிட வேண்டும். எத்தனை வருஷம் என்று கேட்டிருந்தால் 'த்ரீ' ஓங்கி ஒலிக்க வேண்டும், எந்த வார்டு என்றால் 'மெர்'. கடைசியில் குரல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், இன்னும் பேசப் போகிறோம் என்று தேர்வாளர் காத்திருப்பார்.

அதற்காக ஒலிகளைக் கவனிக்காமல் விட்டுவிடவும் முடியாது. 'ஃபேன்' என்பது 'பேன்' என்று கேட்டால் பொருளே மாறிவிடும். அந்த மாதிரி ஒலிகளை மட்டும் சரிசெய்துகொண்டேன். மற்றபடி என் மதுரை ஆங்கிலம் அப்படியேதான் இருக்கிறது.

பயிற்சி இவ்வளவுதான்: இரண்டாம் பகுதிக்கான 2 நிமிடப் பேச்சைப் போனில் பதிவு செய்து, எழுதிப் பார்த்து, அழுத்த வேண்டிய அசைகளுக்குக் கோடு போட்டு, அந்த இடங்களில் மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டே திரும்பப் பேசுவேன். தட்டு ஓரளவு சீராக விழுந்தால் தாளம் வந்துவிட்டது. எல்லா அசைக்கும் கை தட்டப் போனால் வேகத்தைக் குறைப்பேன்.

அடுத்த தேர்வில் 7.5 வந்தது. புதிதாக மையம் தேடுபவர்கள் பணம் கட்டுவதற்கு முன், பதிவு செய்த உங்கள் பேச்சைக் கொடுத்து அழுத்தம் எங்கெங்கே தவறுகிறது என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். நாக்கை மடிக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.