காலைக் காபியும் 4 நிமிடமும்

காபி பாதிதான் குடித்திருப்பேன், வயிறு கழிப்பறைக்குக் கூப்பிட்டுவிடும். குடித்தது அப்படியே கீழே இறங்கிவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது இல்லை.

1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். காபி குடித்த 4 நிமிடத்திலேயே சிலருக்கு அங்கே அசைவு கூடி, அரை மணி நேரமாவது நீடித்தது. 4 நிமிடத்தில் காபி சிறுகுடலைக்கூடத் தாண்டியிருக்காது. அப்படியென்றால் போனது காபி இல்லை, தகவல். இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் நரம்பும் ஹார்மோனும் பெருங்குடலுக்கு 'இடம் பண்ணு' என்று சொல்லிவிடும். காபி இரைப்பையில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனையும் கூட்டுகிறது.

எல்லாம் காஃபீன் வேலை என்பார்கள். ஆனால் அதே ஆய்வில் காஃபீன் நீக்கிய காபிக்கும் குடல் அசைந்தது, வெறும் வெந்நீருக்கு அசையவில்லை. காஃபீன் வேகத்தைக் கூட்டலாம், அது மட்டுமே காரணம் இல்லை.

காலையில் ஏன்? தூக்கத்தில் அடங்கிக் கிடக்கும் பெருங்குடல், விழித்ததும் தானாகவே சுறுசுறுப்பாகிவிடும். அந்த நேரம் பார்த்துக் காபி போகிறது.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. அந்த ஆய்வில் கேட்கப்பட்ட 99 பேரில் 29 சதவீதத்தினர்தான் காபி குடித்தால் கழிப்பறைக்குப் போகத் தோன்றும் என்றார்கள். உங்களுக்கு வரவில்லை என்றாலும் குடலில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.