எண் உள்ள ஊருக்குப் படிவத்தில் இடமில்லை

"பிறந்த ஊரின் பெயரில் எண்கள் இருக்கக் கூடாது" என்று திரையில் சிவப்பு எழுத்துகள் தோன்றியபோது நான் சிரித்துவிட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சிரிக்கவில்லை. பேரனுடைய திருமணத்திற்காக ஜலந்தர் போக வேண்டியிருந்ததால், பயண அனுமதிப் படிவத்தை நிரப்பித் தரும்படி அவர் என்னிடம் கேட்டிருந்தார். மேற்கு லண்டனின் சவுத்தாலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வயது தொண்ணூறை நெருங்குகிறது. கணினி என்றால் தமிழனிடம் கேட்க வேண்டும் என்ற நம்பிக்கையை அவருக்கு யார் ஊட்டினார்களோ தெரியாது. ஆனால் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் எனக்கு மரியாதை தேடித் தந்தது அந்த நம்பிக்கைதான்.

என்னை அவர் "புத்தர்" என்று கூப்பிடுவார். முதல் நாள் திகைத்துப் போனேன். நமக்குப் புத்தர் என்றால் போதிமரத்தடியில் அமர்ந்தவர்தானே. பஞ்சாபியில் அது மகனே என்பதாம். அன்றைக்கே அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, "பிச்சோன் கித்தே?" என்பது. பின்னாலே எங்கே, அதாவது இங்கு வருவதற்கு முன்னால், அதற்கும் முன்னால், வேர் எந்த ஊரில் என்று பொருள். நம்மூர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் திருப்தியடையாமல் கிராமம் வரைக்கும் வந்து சேர்வாரே, அதே விசாரணைதான். இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் என்னை அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. மன்னார்குடிக்குப் பக்கம் என்று சொல்லிவிட்டு, அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். அவரோ அடுத்து, "கால்வாய்ப் பாசனமா, கிணறா?" என்று கேட்டார்.

அவருடைய ஊரின் பெயரே ஓர் எண்தான். 1892இல் கீழ்ச் செனாப் கால்வாயில் தண்ணீர் விட்ட பிறகு, புதர்க்காடாகக் கிடந்த மேற்குப் பஞ்சாபின் பெரும்பரப்பை ஆங்கிலேய அரசு சதுரம் சதுரமாக அளந்து, ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் பக்கத்து உழவர்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. நடுவில் லையால்பூர் என்ற நகரம் எழுந்தது. ஒரு மணிக்கூண்டு, அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் எட்டுக் கடைவீதிகள். சுற்றியிருந்த புதிய கிராமங்களுக்குச் சக் என்று பெயர். அதை அடுத்து ஓர் எண். அதை அடுத்து எந்தக் கிளைக் கால்வாயில் தண்ணீர் வருகிறது என்பதைக் காட்டும் எழுத்துகள். ஜி.பி. என்றால் கூகேரா கிளை, ஜே.பி. என்றால் ஜங் கிளை. வாய்க்காலின் பெயரையே ஊரின் பெயரில் வைத்திருக்கிறார்களே என்று காவிரிப் பாசனத்தில் வளர்ந்த எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. படிவத்துக்கு அந்த அருமை புரியவில்லை. எண்ணை எடுத்துவிட்டால் "சக்" என்ற சொல் மட்டும் மிஞ்சுகிறது. அது கிராமம் என்று மட்டும் எழுதியதற்குச் சமம்.

சரி, நகரத்தின் பெயரையே போடுவோம் என்றால் லையால்பூர் பட்டியலில் இல்லை. 1977இல் சவூதி மன்னர் ஃபைசலின் நினைவாக அதை ஃபைசலாபாத் ஆக்கிவிட்டார்கள். அடுத்த கட்டத்தில் பிறந்த நாடு. 1936இல் பிறந்தவருக்கு அங்கே எதைத் தேர்ந்தெடுப்பது? "பாகிஸ்தானைவிட எனக்குப் பதினோரு வயது அதிகம், அது எப்படி என்னைப் பெற்றிருக்கும்?" என்று பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பாகிஸ்தானைத் தேர்ந்தவுடன் மேலும் இரண்டு பக்கக் கேள்விகள் திறந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுத் தேநீர் போட எழுந்தார்.

அன்று மாலை அவர் பேசியது பெரும்பாலும் காத்திருந்ததைப் பற்றி. பிரிவினை என்றால் ரயிலும் ரத்தமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் இருந்த அந்தக் காத்திருப்பை நான் அறிந்திருக்கவில்லை. எல்லை வகுக்க நியமிக்கப்பட்ட சர் சிரில் ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8ஆம் தேதி டெல்லியில் இறங்கினார். ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துத் தர வேண்டும். பஞ்சாப் ஆணையத்தில் அவருக்குக் கீழே நான்கு நீதிபதிகள், இரண்டு முஸ்லிம்கள், ஓர் இந்து, ஒரு சீக்கியர். லாகூரில் நடந்த விசாரணைகளில் அவர் உட்காரவில்லை. பதிவுகளை வரவழைத்துப் படித்தார். நால்வரும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்து நின்றதால் முடிவு அவர் ஒருவர் கையில் வந்து சேர்ந்தது.

ஆணையத்துக்குக் கொடுத்த கட்டளையில், அடுத்தடுத்துள்ள முஸ்லிம் பெரும்பான்மைப் பகுதிகளையும் முஸ்லிம் அல்லாதோர் பெரும்பான்மைப் பகுதிகளையும் பிரிக்க வேண்டும் என்றும், அவ்வாறு செய்யும்போது "பிற காரணிகளையும்" கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. அந்தப் பிற காரணிகள் எவை என்று எங்கும் விளக்கவில்லை. லையால்பூர் மாவட்டத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மை. ஆனால் காட்டைத் திருத்தி நிலமாக்கியதில் சீக்கியர்களின் பங்கு பெரிது. குருநானக் பிறந்த நன்கானா சாகிப் அண்டை மாவட்டத்தில் இருந்தது. ஆகவே எல்லை செனாப் ஆற்றில் அமைய வேண்டும் என்று சீக்கியர்கள் வாதாடினார்கள். பெரியவரின் தகப்பனார் அந்த இரண்டு சொற்களை நம்பினார். ஆகஸ்டில் மாட்டுத் தொழுவத்துக்குப் புதுக் கூரை வேய்ந்தாராம். தீர்ப்பில் இடப்பட்ட தேதி ஆகஸ்ட் 12, வெளியிட்டதோ 17. இரண்டு நாடுகளும் பிறந்து கொடியேற்றி முடித்த பிறகுதான் எது எந்த நாட்டில் என்று மக்களுக்குச் சொன்னார்கள். தொழுவத்துக் கூரை பாகிஸ்தானில் இருந்தது.

இதை எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஃபைசலாபாத்காரர். "அவர்கள் காத்திருந்தார்கள், நாங்கள் கொண்டாடிவிட்டோம்," என்றார். அவருடைய குடும்பம் குர்தாஸ்பூர் மாவட்டத்துப் பட்டாலாவைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் மயிரிழைப் பெரும்பான்மையினர்; தீர்ப்பு வரும் வரைக்கும் என்று வகுத்த தற்காலிகப் பட்டியலில் அது பாகிஸ்தானின் பக்கம் இருந்தது. ஆகஸ்ட் 14இல் அங்கே பாகிஸ்தான் கொடி ஏறியது. 17ஆம் தேதித் தீர்ப்பில் நான்கு தாலுகாக்களில் ராவி ஆற்றுக்கு அப்பாலிருந்த ஷகர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போக, பட்டாலா உட்பட மூன்றும் இந்தியாவுக்கு வந்தன. அமிர்தசரஸுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாயின் தலைமதகு அந்த மாவட்டத்தில் இருந்ததுதான் காரணம் என்பார்கள். வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டு. மூன்று நாள் பாகிஸ்தானியராக வாழ்ந்த அவருடைய பாட்டனார், அந்த நாட்டைத் தேடி நடந்து லையால்பூர் போய்ச் சேர்ந்தார். இப்படிச் சொன்னவுடன், பெரியவரின் வீட்டில்தான் அவர்கள் குடியேறினார்கள் என்று கதை முடியும் என எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்துக் கேட்டேன். இல்லை, அது வேறு சக், வேறு கிளைக் கால்வாய்.

பெரியவரின் ஊர் செப்டம்பரில் கிளம்பியது. அவர்கள் சொல்லில் காஃபிலா, அதாவது மாட்டுவண்டிகளும் கால்நடைகளும் மனிதர்களுமாக ஒரே நீண்ட வரிசை. லையால்பூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர்கள் நான்கு லட்சம் பேர் இருக்கும் என்று சொல்லப்படுகிறது. வழி முழுவதும் அவருக்கு நினைவிருப்பது பல்லோகி. ராவி ஆற்றின் குறுக்கே உள்ள அந்தத் தலைமதகின் பாலம்தான் கடக்கும் வழி. குறுகலான பாலத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஏற வேண்டியிருந்ததால், பின்னால் பல மைல்களுக்குக் கூட்டம் நின்றது. நின்ற இடத்தில்தான் வாந்திபேதி பரவியது. நின்ற இடத்தில்தான் தாக்கினார்கள். அந்த மாதக் கடைசியில் பெருமழை வேறு. பாட்டி பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் இறந்தார் என்று சொன்னவர், ஒரு சித்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கடத்தப்பட்ட பெண்களை மீட்க இரு அரசுகளும் அந்த டிசம்பரில் உடன்பாடு செய்தன, 1949இல் இந்தியா சட்டமே இயற்றியது, மீட்கப்பட்டவர்களில் சிலர் திரும்பி வர மறுத்தார்கள் என்றெல்லாம் நான் பிற்பாடு படித்தேன். அவரிடம் கேட்கவில்லை.

கேம்கரண் வழியாக எல்லை தாண்டி, முன்னோர் விட்டு வந்த ஜலந்தர் மாவட்டத்துக்கே அவர்கள் திரும்பிச் சேர்ந்தார்கள். நிலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அவருடைய குரல் உயர்ந்தது. மேற்கில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டு வந்தது சுமார் 67 லட்சம் ஏக்கர்; கிழக்கில் முஸ்லிம்கள் விட்டுப் போனது 47 லட்சம். கொடுக்க வேண்டியதைவிட இருப்பது குறைவு, அதிலும் மண் ஒரே தரமில்லை. மறுவாழ்வுத் துறைத் தலைவராக இருந்த தர்லோக் சிங் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். முதலாவது, விளைச்சலை வைத்துத் "தர ஏக்கர்" என்ற ஓர் அளவு. நல்ல பாசன நிலத்தில் ஓர் ஏக்கரே ஒரு தர ஏக்கர், வறண்ட பகுதியில் நான்கு ஏக்கர் சேர்ந்தால்தான் ஒரு தர ஏக்கர். இரண்டாவது, படிப்படியான வெட்டு. சிறியவருக்குக் கால் பங்கு, மிகப் பெரிய நிலக்கிழாருக்கு 95 விழுக்காடு வரைக்கும். பெரியவரின் தகப்பனாருக்குப் பாகத்தில் வந்திருந்தது பத்து ஏக்கர் கால்வாய் நிலம், ஆகவே பத்துத் தர ஏக்கர். கால் பங்கு போக ஏழரை கிடைத்தது. ஏமாற்றுவோரைப் பிடிக்க ஊர்க்கூட்டம் கூட்டி, ஒவ்வொருவர் கோரிக்கையையும் எல்லோரும் கேட்க வாசித்தார்கள். பழைய ஊரின் அண்டைவீட்டாரே எதிரில் உட்கார்ந்திருக்க, யார் கூட்டிச் சொல்வது? பின்னர் லாகூரிலிருந்து ஜமாபந்தி நகல்கள் வந்தும் சரிபார்த்தார்கள். நம்மூரில் ஜமாபந்தி என்றால் தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கணக்குத் தணிக்கை. பந்தலும் மனுவும் கூட்டமும். அங்கே அது நில உரிமைப் பதிவேடு. அப்பா பட்டா மாறுதலுக்காக மூன்று ஜமாபந்தி பார்த்த கதையை நான் சொல்ல, இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

"ஏழரையில் உங்களுக்குக் குறைதானா?" என்று கேட்டேன். குறையில்லையாம். மண் நல்ல மண். அங்கே விளைந்த கோதுமைதான் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஆனால் அந்த ஏழரை ஏக்கருக்குக் கிணற்றுத் தண்ணீர். வாய்க்காலில் முறை வைத்து, இரவு இரண்டு மணிக்கு விளக்கோடு போய் மடை திறந்த தகப்பனார், கடைசி வரைக்கும் அதைத் தண்ணீர் என்றே ஒப்புக்கொள்ளவில்லையாம்.

ஊரின் இடத்தில் ஃபைசலாபாத், நாட்டின் இடத்தில் பாகிஸ்தான் என்று போட்டுப் படிவத்தை முடித்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்கள் கால்வாயில் எந்த மாதம் தண்ணீர் வரும், புத்தர்?" என்று கேட்டார். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் கடைமடைக்கு வர இரண்டு வாரமாகும் என்றேன். இந்த ஊருக்குப் பழகிவிட்டேன், ஊர் நினைப்பே வருவதில்லை என்று அந்த வாரம்தான் அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையடித்திருந்தேன். "அணையில் இப்போது எவ்வளவு இருக்கிறது?" என்றார். அதற்கு நான் கைப்பேசியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலையிலேயே பார்த்திருந்தேன்.