முத்து என்னும் மழைத்துளி: ஒரு கதை எழுதிய நாட்கள்

ஒக்டோபர் 5, சனி

வாசிகசாலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பு இந்த மாதமும் என்னுடையது. தரம் மூன்றிலும் நான்கிலும் படிக்கும் பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள். மழைத்துளியின் பயணத்தைக் கதையாகச் சொல்லலாம் என்று எண்ணி, அலுமாரியில் இருந்த படப்புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பனி மூடிய மலை, அதிலிருந்து குதிக்கும் அருவி, கரையில் ஊசியிலை மரங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆறு கனகராயன் ஆறு. அதற்கு மலையும் இல்லை, அருவியும் இல்லை. இன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஆறு முழுவதும் மணல். ஒருவர் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி வைத்திருந்த குழியில் மட்டும் நீர் ஊறி நின்றது. மாடொன்று அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

கதையை இங்கேயே நடத்துவது என்று முடிவு செய்தேன். துளிக்குப் பெயர் முத்து. வவுனியாப் பக்கத்துக் காட்டில் ஒரு பாலை மரத்தின் இலையில் விழுகிறது. வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தைக் கடந்து, சுண்டிக்குளம் நீரேரி வழியாகக் கடலுக்குப் போகிறது. பிறகு வானம்.

ஒக்டோபர் 12, சனி

முதல் வரைவை வாசித்துக் காட்டினேன். "வெயில் முத்துவைத் தூக்கி வானத்துக்குக் கொண்டுபோனது" என்ற வரியில் இரண்டு கேள்விகள் வந்தன. "கடல் உப்புத்தானே ரீச்சர், மழை ஏன் உப்பாக இல்லை?" என்று கேட்டான் ஒருவன். மற்றக் கேள்வி, எல்லாப் பக்கங்களுக்கும் படம் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கும் சிறுமியுடையது. "கடலுக்குள் விழுந்த பிறகு முத்துவை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் தண்ணீர்தானே?"

இரண்டும் என் வரைவு மறைத்துவிட்ட இடங்கள். துளி அப்படியே கண்ணும் வாயுமாகக் கடலிலிருந்து எழுந்து பறந்தால் அது உப்பையும் சுமந்துகொண்டுதான் போகவேண்டும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அதே கணக்கில் ஒரு கோப்பைக் கிணற்று நீரில் ஒரு பெரிய தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அகலமான எனாமல் தட்டில் ஊற்றி, ஞாயிறு காலை கிணற்றுக்கட்டில் வைத்தேன். தட்டின் மேல் மெல்லிய வலைத்துணி. அன்று மாலையே நீர் பாதியாகியிருந்தது. எந்த நேரத்திலும் அது கொதிக்கவில்லை, புகையவும் இல்லை. தொட்டால் இளஞ்சூடு, அவ்வளவுதான். பிள்ளைகள் ஆவியாதல் என்றதும் அடுப்பில் கொதிக்கும் கேத்தலை நினைக்கிறார்கள். குளிர்ந்த நீரின் மேற்பரப்பிலிருந்தும் நீர் பிரிந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது, வெயிலும் காற்றும் அதை விரைவாக்குகின்றன என்பதைக் கதையில் எப்படியாவது சொல்லவேண்டும்.

திங்கள் மத்தியானம் தட்டு காய்ந்துவிட்டது. விளிம்பில் மாவு போல மெல்லிய வெண்படலம். நடுவில், கடைசியாகக் காய்ந்த இடத்தில், சின்னச் சின்னச் சதுரங்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் மூலை மடிந்த சிறு பெட்டி போல இருக்கிறது. இன்று பிள்ளைகள் வந்து ஒவ்வொரு விரலாக வைத்து நக்கிப் பார்த்தார்கள். "ஆனையிறவு!" என்றான் ஒருவன். அவனுடைய மாமா உப்பளத்தில் வேலை செய்கிறார். உப்பளத்தில் நடப்பதும் இதுதான். பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சி வெயிலில் விடுகிறார்கள், நீர் போய்விடுகிறது, உப்பு கிடக்கிறது. இனி இதற்கு என் விளக்கம் தேவையில்லை.

புதிதாக எழுதிய வரி: "முத்து எழும்பியபோது தன் உப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டது. மூட்டையோடு யாராலும் அந்தப் படியில் ஏறமுடியாது."

ஒக்டோபர் 20, ஞாயிறு

அடுத்த சிக்கல், வானத்தில் ஆவி எப்படித் துளியாகிறது என்பது. "மேலே குளிர், அதனால் நீராகிவிட்டது" என்று எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான்.

மெல்லிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் இரண்டு விரல் உயரத்துக்கு இளஞ்சூட்டு நீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கினேன். பிறகு போத்தலை இறுக்கி நசுக்கி, சட்டென்று விட்டேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திறந்து, அணைத்த தீக்குச்சியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு மூடினேன். மறுபடி நசுக்கி விட்டதும், போத்தலின் உள்ளே வெள்ளையாக ஒரு மேகம் வந்து நின்றது. நசுக்கினால் மறைகிறது, விட்டால் வருகிறது. என் அம்மா தேத்தண்ணீரை ஆறவிட்டு நாலைந்து தடவை செய்து பார்த்தார்.

போத்தலை விடும்போது உள்ளிருக்கும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. தரையிலிருந்து எழும் காற்றுக்கும் அதுவே நேர்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைய, காற்று விரிந்து, ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்கிறது. ஆனால் குளிர் மட்டும் போதாது என்பதைப் புகையில்லாத போத்தல் காட்டிவிட்டது. ஆவி ஒட்டிக்கொள்ள ஒரு பொடி வேண்டும். தூசி, புகை, அல்லது உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் காற்றிலேயே காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துணுக்குகளாக மேலே போகின்றன. கடலின் மேல் உருவாகும் மேகங்களுக்கு அவை நல்ல இருக்கைகள்.

இதை விளங்கிக்கொண்டபோது கதையின் நடுப்பகுதி தானாக அமைந்தது. கீழே இறக்கி வைத்த மூட்டையிலிருந்து ஒரே ஒரு துணுக்கு முத்துவுக்கு முன்னரே மேலே போய்க் காத்திருக்கிறது. அந்தத் துணுக்கு இல்லாவிட்டால் முத்து மறுபடி துளியாகமுடியாது.

"அப்படியென்றால் மழையில் உப்பு இருக்கிறது!" என்பான் அந்தப் பையன். இருக்கிறது, ஆனால் நாக்குக்குத் தெரியாத அளவு. மேகத்துளியோடு ஒப்பிட்டால் துணுக்கு அவ்வளவு சிறியது.

ஒக்டோபர் 27, ஞாயிறு

நேற்றிரவு மழை தொடங்கிவிட்டது. முற்றத்து மண் மணக்கிறது.

மேகம் ஏன் விழாமல் நிற்கிறது என்று யாராவது கேட்பார்கள் என்பதால் இன்று அந்தக் கணக்கை எழுதி வைத்தேன். மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதுவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் ஒரு விநாடிக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில். கீழிருந்து எழும் காற்று அதைவிட வேகமாக இருந்தாலே போதும், துளி மேலேயே நிற்கும். சாதாரண மழைத்துளி இரண்டு மில்லிமீற்றர், அகலத்தில் நூறு மடங்கு. நூறை நூறால் பெருக்கி, மறுபடி நூறால் பெருக்கினால் பத்து இலட்சம். ஒரு மழைத்துளி விழுவதற்குப் பத்து இலட்சம் மேகத்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேரவேண்டும். சேர்ந்துவிட்டால் விநாடிக்கு ஆறு மீற்றருக்கு மேல் வேகத்தில் இறங்கும்.

படம் வரையும் சிறுமி முத்துவுக்கு மேலே கூரான தலை போட்டிருந்தாள். அது குழாயிலிருந்து சொட்டும் துளியின் வடிவம். விழும் மழைத்துளி சிறியதென்றால் உருண்டை, பெரியதென்றால் அடி தட்டையான பணிஸ் போல இருக்கும். சொன்னதும் அழித்துவிட்டுப் பணிஸ் வரைந்தாள். முத்து முன்பைவிட அழகாக இருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

பத்து இலட்சம் பேர் சேர்ந்த ஒருவனுக்கு "நான்" என்ற சொல் எப்படிப் பொருந்தும்? அந்தச் சிறுமியின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. மூன்று வாரமாக மனத்தில் கிடந்ததற்கு இன்று காலை துணி காயப்போடும்போது வழி தெரிந்தது. வழியைத் தமிழே வைத்திருக்கிறது. இலையில் உட்கார்ந்திருக்கும்போது முத்து "நான்" என்று பேசட்டும். மேகத்தில் கூட்டமாக மிதக்கும்போது, கீழே நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து "நாங்கள்" என்று சொல்லட்டும். கடலுக்குள் கலந்ததும் "நாம்". அந்த "நாம்"இல் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையும் அடக்கம். பிள்ளையின் உடம்பில் பாதிக்கு மேல் நீர்தான், அதுவும் இதே வழியாக வந்த நீர். பெயர் கடலில் தொலைந்து போகும். தொலையட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

இரணைமடுவுக்குப் போய்வந்தேன். 1920இல் கட்டி முடித்த அணைக்கட்டின் மேல் நின்று பார்த்தபோது என் கதையில் இன்னொரு பிழை தெரிந்தது. முத்து குளத்துக்குள் வந்து, நேரே மறுபக்கம் வெளியேறி, கடலுக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தேன். குளம் நிறைந்து வான் பாய்ந்தால்தான் அந்த வழி. மற்றபடி நீர் இங்கேயே தங்கி, துரிசைத் திறக்கும்போது வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும்.

வயலுக்குப் போன துளி கடலைப் பார்க்காமலே வானத்துக்குத் திரும்பிவிடலாம். வீட்டில் கொய்யாக் கிளை ஒன்றில் பத்து இலைகளைச் சேர்த்துப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டினேன். காலை எட்டு மணிக்குக் கட்டியது, மத்தியானத்தில் பையின் உட்புறம் முழுக்க வியர்த்து, கீழ்மூலையில் நீர் தேங்கி நின்றது. வேர் குடித்ததை இலை வெளியே விடுகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஆவியுயிர்ப்பு என்று பெயர். நெற்பயிரும் இதைத்தான் செய்கிறது.

ஆகவே குளத்துப் பக்கத்தில் முத்துவின் தோழி வெள்ளச்சி பிரிந்துபோகிறாள். அவள் துரிசு வழியே காலபோக நெல்லுக்குப் போகிறாள். முத்து காத்திருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

குளம் வான் பாய்கிறது. முத்துவும் புறப்பட்டுவிட்டது. மழைக்காலத்தில் நீரேரியின் மணல்திட்டு உடைந்து வழி திறக்கும்போது அது கடலைத் தொடுகிறது.

நேற்று முழுக்கதையையும் வாசித்தேன். "எத்தனை நாளில் திரும்பி வரும் ரீச்சர்?" என்று கேட்டான் உப்பளத்துக்காரரின் மருமகன். ஆவியாகிவிட்டால் சராசரியாக ஒன்பது நாள் அளவில் மறுபடி மழையாகிவிடும் என்றேன். ஆனால் கடலுக்குள் ஒரு துளி நீர் தங்கும் சராசரிக் காலம் மூவாயிரம் ஆண்டு. எழும்பினாலும் கடலிலிருந்து போகும் ஆவியில் பத்தில் ஒன்பது பங்கு கடலிலேயே விழுந்துவிடுகிறது. வங்கக் கடலிலிருந்து வாடைக்காற்று எங்கள் காட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மீதியில் ஒரு சிறு பங்கு. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் முத்து முதல் தடவை இங்கே வந்ததே பெரிய காரியம்" என்றான். அந்த வரியை அவன் சொன்னபடியே பாலை இலைப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

படம் வரையும் சிறுமி கடல் பக்கத்தைக் கடைசியாகத் தந்தாள். பக்கம் முழுவதும் நீலம், முத்து எங்கும் இல்லை. நீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகக் கொஞ்சம் பொட்டு வைத்திருந்தாள். நட்சத்திரமா என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர், உப்பு. மேலே போகிறது."